கம்பெனி கட்டாத ஜிஎஸ்டிக்கு டைரக்டர் பொறுப்பா?

கேள்வி: பிரைவேட் லிமிடெட் கம்பெனி வரி பாக்கி வைத்தால் டைரக்டரின் சொந்தப் பணத்தில் கை வைப்பார்களா? 'தவறிய அதிகாரி' என்றால் யார்?

வைக்கலாம், ஆனால் கம்பெனியிடம் வசூலாகாத பிறகுதான். ஜிஎஸ்டி சட்டத்தின் 89-வது பிரிவுப்படி, பாக்கி விழுந்த காலத்தில் டைரக்டராக இருந்த ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. காரணம் எளிது: அது வாடிக்கையாளர் கொடுத்த வரி, கண்டக்டர் பையில் இருக்கும் டிக்கெட் காசு மாதிரி, கையில் இருந்தாலும் அவருடையது இல்லை.

இரண்டு டைரக்டர்கள், 2021-22-இல் 12 லட்சம் பாக்கி, கம்பெனி காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 6 லட்சம் என்று பிரிக்க மாட்டார்கள், ஒருவரிடமே 12 லட்சத்தையும் கேட்கலாம். தப்பிக்க ஒரே வழி, வசூலாகாமல் போனதற்குத் தன் பெரும் அலட்சியமோ முறைகேடோ கடமை மீறலோ காரணமில்லை என்று அவரே நிரூபிப்பது. அதனால் போர்டு கூட்டத்தில் 'வரியைக் கட்டுங்கள்' என்று சொன்னால் அதைக் குறிப்பேட்டில் ஏற்றிவிடுங்கள். பின்னால் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

சரி, 'தவறிய அதிகாரி' என்பது 2013 கம்பெனிகள் சட்டத்தின் சொல், அந்தச் சட்டத்தை மீறினால் யாருக்குத் தண்டனை என்பதற்காக வந்தது. முதலில் முழுநேர டைரக்டர், எம்.டி., சி.எஃப்.ஓ., செயலாளர் போன்றவர்கள். அவர்கள் இல்லையென்றால் போர்டு குறிப்பிட்டு, சம்மதித்த டைரக்டர். அப்படி யாரையும் குறிப்பிடாவிட்டால் எல்லா டைரக்டர்களும். தவறு நடப்பது தெரிந்தும் எதிர்க்காத டைரக்டரும் இதில் சேருவார்.

'ராஜினாமா செய்துவிட்டேன், இனி என்னைத் தொட முடியாது' என்று பலர் நம்புகிறார்கள். நீங்கள் பதவியில் இருந்த மாதங்களின் பாக்கி, விலகிய பிறகும் உங்களைத் தேடி வரும்.