சிரோசிஸ் கல்லீரலில் ஒரு முடிச்சு: ஸ்கேன் ரிப்போர்ட் பற்றி வாசகர் கேள்விகள்

அப்பாவுக்கு 61 வயது, சிரோசிஸ். சி.டி. ரிப்போர்ட்டில் 24 மி.மீ. முடிச்சு என்றும், 'ஆர்ட்டீரியல் என்ஹான்ஸ்மென்ட்', 'வாஷ்அவுட்', LR-5 என்றும் இருக்கிறது. பயாப்ஸி எடுக்காமலே கேன்சர் என்கிறார்கள். எப்படி?

கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக, மீதி கால் பங்கு தமனி வழியாக. சிரோசிஸில், அதாவது தழும்பேறிய கல்லீரலில், உருவாகும் முடிச்சுகளில் பெரும்பாலானவை கல்லீரல் தன்னைச் சரிசெய்துகொள்ளப் பார்த்ததில் வந்தவை. அவற்றுக்கும் போர்ட்டல் ரத்தம்தான் பிரதானம். முடிச்சு புற்றாக மாறும்போது போர்ட்டல் வரத்து குறைந்து, புதிதாக முளைத்த தமனிகளை நம்பி வாழத் தொடங்குகிறது.

கையில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து இந்த மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மருந்து ஏற்றி சுமார் 35, 40 விநாடியில் எடுக்கும் படத்தில் அது தமனிகளில் நிறைந்திருக்கும். போர்ட்டல் சிரையில் அப்போதுதான் எட்டிப் பார்க்கும். அந்தக் கணத்தில் புற்று முடிச்சு பளிச்சென்று தெரியும், சுற்றியுள்ள கல்லீரல் மங்கலாக இருக்கும். இதுதான் ஆர்ட்டீரியல் என்ஹான்ஸ்மென்ட். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனதும் போர்ட்டல் வழியாக மருந்து வந்து கல்லீரல் வெளிச்சமாகிவிடும். முடிச்சுக்கு அந்த வரத்து இல்லை; வந்த மருந்தும் சீக்கிரம் வடிந்துவிடுகிறது. 3 முதல் 5 நிமிடத்தில் எடுக்கும் படத்தில், தழும்பு ஏறிய கல்லீரல் மருந்தைப் பிடித்து வைத்திருக்க, முடிச்சு கறுத்துத் தெரியும். இதுதான் வாஷ்அவுட். ஆக, முடிச்சை மட்டும் பார்ப்பதில்லை. பக்கத்துக் கல்லீரலோடு ஒப்பிட்டே சொல்கிறோம்.

உங்கள் அப்பாவின் முடிச்சில் இரண்டும் இருக்கின்றன, அளவும் 20 மி.மீ.க்கு மேல். LR எண் என்பது முடிச்சு கல்லீரல் செல் புற்றாக இருக்கும் வாய்ப்பை 1 முதல் 5 வரை வரிசைப்படுத்துவது; இப்படிச் சேர்ந்து வந்தால் உச்ச எண்ணான LR-5, 100-ல் 90 பேருக்கு மேல் அது கல்லீரல் செல் புற்றுதான். சிரோசிஸ்காரருக்கு ஊசி குத்தினால் ரத்தம் கசியலாம், ஊசி வந்த பாதையில் புற்று ஒட்டவும் சிறு வாய்ப்புண்டு. அதனால்தான் பல நேரம் பயாப்ஸியைத் தவிர்த்து சிகிச்சைக்குப் போகிறோம்.

எனக்கு 12 மி.மீ. முடிச்சு. தமனிக் கட்டத்தில் மட்டும் பளிச்சென்று தெரிந்ததாம், வாஷ்அவுட் இல்லை. LR-3 என்றார்கள். இதுவும் புற்றா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். LR-3 என்றால் அதுதான் பொருள். சிரோசிஸ் கல்லீரலில் தமனியும் போர்ட்டல் சிரையும் ஆங்காங்கே குறுக்கே கலந்துவிடும். அந்த இடம் முதல் படத்தில் பளிச்சென்று தெரிந்து, பிந்தைய படங்களில் சுற்றுப்புறத்தோடு கலந்து மறைந்துவிடும். அங்கே கட்டியே கிடையாது. விளிம்பை ஒட்டி ஆப்பு வடிவில் இருந்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும். உருண்டையாக இருந்தால் கொஞ்சம் கவனமாக இருப்பேன். 3 முதல் 6 மாதத்துக்குள் அதே முறையில் திரும்ப எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். 6 மாதத்துக்குள் 12 மி.மீ. 18 ஆகிவிட்டால் (அதாவது பாதி அளவு வளர்ச்சி), வாஷ்அவுட் வராவிட்டாலும் கணக்கு LR-5 பக்கம் போய்விடும்.

கான்ட்ராஸ்ட் சி.டி. எடுத்தோம். 'ஒன்றும் தெளிவாகச் சொல்ல முடியாது, மறுபடி எடுங்கள்' என்கிறார் டாக்டர். காசு வீண்தானே?

கோபம் நியாயம்தான். ஆனால் வயிற்றுக்குப் பொதுவாக எடுக்கும் கான்ட்ராஸ்ட் சி.டி. பெரும்பாலும் ஒரே கட்டம், 70 விநாடி வாக்கில். பளிச்சிடும் நேரம் அதற்குள் போய்விட்டிருக்கும். கறுக்கும் நேரம் இன்னும் சரியாக வந்திருக்காது. சீட்டில் 'மல்ட்டிஃபேஸ் லிவர் சி.டி.' அல்லது 'ட்ரிபிள் ஃபேஸ்' என்று எழுதிக் கேட்க வேண்டும்.

மூன்று கட்டம் எடுத்தும் தவறு நேர்வதுண்டு. படம் ஐந்தாறு விநாடி முந்திவிட்டால் புற்றுக்குள் மருந்து போதிய அளவு சேர்ந்திருக்காது. அதனால் ரிப்போர்ட் எழுதுமுன் நான் முதலில் போர்ட்டல் சிரையைப் பார்ப்பேன்: அதில் லேசாக மருந்து ஏறியிருக்க வேண்டும், கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைகளில் இன்னும் ஏறியிருக்கக் கூடாது. அப்படி இல்லையென்றால் 'பளிச்சிடவில்லை' என்று எழுத எனக்குத் துணிவு வராது.

என் மனைவிக்கு சிரோசிஸ் இல்லை, ஹெபடைட்டிஸ் பி-யும் இல்லை. ஆனால் தமனிக் கட்டத்தில் ஒரு கட்டி பளிச்சென்று தெரிகிறது. LR எண் ஏன் போடவில்லை?

போடக் கூடாது, சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். அந்த எண்கள் சிரோசிஸ், நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி, அல்லது ஏற்கெனவே கல்லீரல் செல் புற்று உள்ள பெரியவர்களுக்கு மட்டும்தான். நல்ல கல்லீரலில் ரத்தக்குழாய்க் கட்டி போன்ற சாதுவான பல கட்டிகளும் பளிச்சிடும். வேறிடத்திலிருந்து பரவிய சில புற்றுகள் பளிச்சிட்டுக் கறுக்கவும் செய்யும். அங்கே எம்.ஆர்.ஐ., சில சமயம் பயாப்ஸி.

ரிப்போர்ட்டில் 'ஓரத்தில் மட்டும் வளையமாகப் பளிச்சிடுகிறது, LR-M' என்று உள்ளது. LR-5 ஐ விட மோசமா?

மோசம் என்பதைவிட வேறு ஜாதி என்பது சரி. புற்று என்ற சந்தேகம் பலமாக இருக்கிறது, ஆனால் பித்தநாளப் புற்றாகவும் இருக்கலாம். சிகிச்சை மாறும் என்பதால் இங்கே பயாப்ஸியைத் தள்ளிப்போடாதீர்கள்.