மீதி மூன்று வருடக் கட்டணம் கேட்டு சான்றிதழைப் பிடித்து வைத்தால்

கேள்வி: என் மகள் கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தாள். முதல் வருடக் கட்டணம் 85,000 ரூபாய் முழுவதும் கட்டியாகிவிட்டது. படிப்பு ஒத்துவரவில்லை; முதல் செமஸ்டரோடு நின்றுவிட்டாள். 10, 12ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், பள்ளி டி.சி. எல்லாம் கல்லூரியில் இருக்கிறது. மீதி மூன்று வருடத்துக்கு 2,55,000 ரூபாய் கட்டினால்தான் தருவோம் என்கிறார்கள். பஸ் கட்டணம் 8,000 ரூபாய் மட்டும் பாக்கி. ஜூனில் வேறு கல்லூரியில் சேர வேண்டும். என்ன செய்வது?

பதில்: அந்த 2,55,000 ரூபாயை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. படிப்பை விட்டுப் போகும் மாணவரிடம் வரும் வருடங்களுக்கான கட்டணத்தை எந்தக் கட்டத்திலும் கேட்கக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. தன் விதிகளில் சொல்லியிருக்கிறது. யு.ஜி.சி.யின் 2018 அறிவிக்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது: சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்து அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கல்லூரி நகலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதாவது, உங்கள் மகளின் சான்றிதழ்கள் இத்தனை மாதம் அங்கே இருந்ததே தவறு. அதே அறிவிக்கைப்படி, சேர்க்கைக்கான கடைசி நாள் கழிந்து 30 நாளுக்கு மேல் ஆகிவிட்டதால், கட்டிய 85,000 ரூபாய் திரும்பி வராது. அதை விட்டுவிட்டு சான்றிதழைக் கேளுங்கள்.

உண்மையான பாக்கி இருந்தால்கூட சான்றிதழை அடகுபோல வைத்திருக்க முடியாது. அது விற்று காசாக்கும் பொருள் அல்ல, ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு தரும் பிடித்து வைக்கும் உரிமை அதற்குப் பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாக்கி வேண்டுமென்றால் கல்லூரி சிவில் வழக்குதான் போட வேண்டும். ஆனாலும் அந்த 8,000 ரூபாயைக் கட்டிவிடுங்கள். பணமாகக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். அதன் பிறகு அவர்களிடம் மீதி இருப்பது வரும் வருடக் கட்டணம் என்ற ஒரே காரணம்தான். அது சட்டத்தில் நிற்காது.

பெரும்பாலான பெற்றோர் தோற்பது நேரில் அலைந்துதான். இன்று சார் இல்லை, அடுத்த வாரம் வாங்க என்று வாய்மொழியாகவே மாதங்கள் ஓடிவிடும், கையில் ஒரு தாளும் இருக்காது. அதனால் முதலில் முதல்வருக்கு ஒரு கடிதம், மகளின் கையெழுத்தில். படிப்பிலிருந்து விலகிய தேதி, ஒப்படைத்த சான்றிதழ்களின் பட்டியல், கட்டிய தொகைகள், ரசீது எண்கள், 7 நாளுக்குள் தர வேண்டும் என்ற கோரிக்கை, அவ்வளவு போதும். பள்ளி டி.சி.யைப் பொதுவாகக் கல்லூரி தன் கோப்பில் வைத்துக்கொண்டு புது டி.சி. கொடுக்கும். எனவே கல்லூரி டி.சி.யும் நடத்தைச் சான்றிதழும் வேண்டும் என்று தனியாக எழுதுங்கள். ஒப்புகை வரும்படி தபாலில் அனுப்பி, அதையே கல்லூரியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். "2,55,000 கட்டினால்தான் தருவோம்" என்று அவர்கள் பதில் எழுதினால், அதைவிட நல்ல ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது. "மீதிக் கட்டணத்தைக் கட்டச் சம்மதிக்கிறேன்" என்று எதையாவது நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதில் வராவிட்டால் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் புகார் கொடுங்கள். யு.ஜி.சி.யின் 2023 விதிமுறைகள், படிக்க விரும்பாத படிப்புக்குக் கட்டணம் வாங்குவதற்காகச் சான்றிதழைத் தர மறுப்பதையே ஒரு குறையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. குழு கூடியவரை 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். முடிவு பாதகமாக வந்தால், அது கிடைத்த 15 நாளுக்குள் இணைவு தந்த பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவருக்கு 30 நாள். கூடவே யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்திலும் ஏ.ஐ.சி.டி.இ.யிடமும் புகாரைப் பதிந்து, எண்ணைக் குறித்து வையுங்கள்.

கணக்குப் போட்டால் இந்த வழி இரண்டு மாதத்தைத் தாண்டும். மே மாதம் வந்தும் கைக்கு வராவிட்டால் காத்திருக்காமல் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. பெண்கள் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவசச் சட்ட உதவி பெறலாம். 15100 என்ற எண்ணில் கேளுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

இதற்கிடையே புதுக் கல்லூரியில் இடம் போகாமல் இருக்க, 10, 12ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களை டிஜிலாக்கரில் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி அவை அசலுக்குச் சமம். டி.சி.க்கு மட்டும், உங்கள் புகார் நகலைக் காட்டி அவகாசம் கேளுங்கள். சிலர் "தொலைந்துவிட்டது என்று போலீஸில் எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்கிவிடுங்கள்" என்று யோசனை சொல்வார்கள். சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று தெரிந்தே அப்படி எழுதிக் கொடுப்பது பொய்ப் புகார். அது உங்கள் மகளின் தலையில்தான் வந்து விழும்.

சான்றிதழ்கள் கைக்கு வரும் நாளில், பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்த பிறகு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுங்கள். கல்லூரி டி.சி.யில் கட்டணப் பாக்கி பற்றிய கட்டம் இருந்தால், அங்கே 2,55,000 என்றோ "பாக்கி உண்டு" என்றோ எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதியிருந்தால் வாங்காமல், அங்கேயே திருத்தித் தரச் சொல்லுங்கள்.