வியட்நாமியத்தில் ‘லா’ எப்போது வரும், எப்போது வராது?

“ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ‘இஸ்’ வரும் இடத்திலெல்லாம் வியட்நாமியத்தில் ‘லா’ இருக்குமா?”

இருக்காது. இரண்டு பெயர்ச்சொற்களை இணைக்கத்தான் முக்கியமாக ‘லா’ வரும். ‘லான் லா பாக் சி’ என்றால் லான் ஒரு டாக்டர். ஆனால் ‘லான் உயரமானவள்’ என்பதற்கு ‘லான் காவ்’ போதும், ஏனென்றால் அங்கே ‘காவ்’ போன்ற பண்புச்சொல்லே வினை மாதிரி வாக்கியத்தை முடித்துவிடும், ‘இஸ்’ஸை நீங்கள்தான் ஆங்கிலத்தில் சேர்க்க வேண்டும். ‘லான் லா காவ்’ என்று எழுதினால் தவறு. ‘மிகவும்’ என்று அழுத்த ‘லான் ரத் காவ்’, அவ்வளவுதான். வயதுக்கும் பொதுவாக ‘லா’ வேண்டாம்: ‘லான் 20 துவோய்’.

சந்தேகம் வந்தால் எதிர்மறையாக்கிப் பாருங்கள், இதுதான் எனக்குப் பிடித்த வழி. டாக்டர் இல்லை என்றால் ‘கொங் ஃபாய் லா பாக் சி’, உயரமில்லை என்றால் வெறும் ‘கொங் காவ்’. அப்புறம், ஓர் இடத்தில் இருப்பதற்கு ‘அ’ என்று தனிச்சொல் உண்டு: ‘லான் அ ஹுவே’, லான் ஹுவே நகரில் இருக்கிறாள்.