கம்பம்மெட்டு மட்டும் விரலுக்கு வராதது ஏன்?

“அண்ணே, கம்பத்துல இருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்ல ஆள் ஏத்துறேன். ராத்திரி குரூப்ல நேரம் போடணும். இங்கிலீஷ் எழுத்துல விரலை இழுத்துத் தமிழ் எழுதுறேன். மத்ததெல்லாம் வருது, கம்பம்மெட்டு மட்டும் வேற என்னவோ ஆகுது.”

தம்பி, விரல் போன தடத்தைக் கீபோர்டு தனக்குத் தெரிந்த வார்த்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஒன்றை எடுத்துப் போடும். அதன் பட்டியலில் இல்லாத ஊரை எத்தனை அழகாக இழுத்தாலும் வராது. முதலில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பாருங்கள். தட்டினால் கீபோர்டுக்கு மேலே பரிந்துரைகள் வரும் மேல்வரிசையில் சரியாக வந்து, இழுத்தால் மட்டும் மாறினால், வேகத்தைக் குறைத்து எழுத்துகள் திரும்பும் இடத்தில் விரலைச் சரியாகக் கொண்டுபோங்கள். தட்டியும் வரவில்லை என்றால் நாம்தான் சேர்க்க வேண்டும்.

கூகுள் கீபோர்டான Gboard-இல் Settings, Dictionary, Personal dictionary என்று போய் All languages-ஐத் திறந்து + குறியைத் தொடுங்கள். மேலே ‘கம்பம்மெட்டு’, கீழே Shortcut இடத்தில் `kmt`. அப்புறம் எழுதும்போது அந்த மூன்று எழுத்தையும் இழுக்காமல் தட்டுங்கள். மேல்வரிசையில் ஊர்ப்பெயர் வரும், அதைத் தொட வேண்டும். `va` மாதிரி நீங்கள் தினமும் எழுதுவதைக் குறுக்கெழுத்தாக வைக்காதீர்கள், எழுதும்போதெல்லாம் குறுக்கே வந்து நிற்கும்.

“நானும் சேர்த்தேன். ‘கம்பம்மெட்டுக்கு’னு எழுத திரும்பக் கையாலதான் ஒட்ட வேண்டியிருக்கு.”

ஆமாம் அக்கா, தமிழுக்கு இதுதான் பெரிய தொல்லை. நாம் சேர்த்த சொல்லுக்கு அது தானாக வேற்றுமை உருபு சேர்க்காது. அதனால் பேச்சில் அதிகம் வரும் வடிவங்களைத் தனித்தனியாகப் போடுங்கள்: `kmtk` என்றால் ‘கம்பம்மெட்டுக்கு’, `kmtl` என்றால் ‘கம்பம்மெட்டில்’. எல்லா ஊருக்கும் செய்யாதீர்கள். தினம் போகும் நாலைந்து ஊருக்குப் போதும்.

“இதெல்லாம் எதுக்கு? நாலு தடவை எழுதினா அதுவே கத்துக்குமே.”

கற்றுக்கொள்ளும், உண்மைதான். ஆனால் அவசரத்தில் ‘கம்பமேட்டு’ என்று தப்பாக அனுப்பியதையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். அப்படித் தப்பு வடிவம் மேல்வரிசையில் வந்தால் அதை அழுத்திப் பிடித்துக் குப்பைத்தொட்டிப் படத்துக்கு இழுத்து விடுங்கள். எழுத்துக்கூட்டு முக்கியமான பெயர்களை நாமே சேர்ப்பதுதான் நல்லது.

“எங்க முதலாளி வண்டன்மேட்டுக்காரர், மலையாளம். நான் தமிழ்ல எழுதினா அவருக்கு மலையாளமா போகுமா?”

போகாது ஐயா, அது மொழிபெயர்ப்பு, வேறு வேலை. ஆனால் தினம் ஒரே செய்திதானே அனுப்புகிறீர்கள்? ‘வண்டி கிளம்பிவிட்டது’ என்பதை அவரிடமே மலையாளத்தில் எழுதி அனுப்பச் சொல்லி, நகல் எடுத்து அதே அகராதியில் `vk` என்று வையுங்கள்.

“ஒரே வரியில தமிழும் மலையாளமும் மாத்தி மாத்தி இழுக்க வழி உண்டா?”

நான் இன்றும் கீபோர்டில் உள்ள உலக உருண்டைப் படத்தைத் தொட்டு மொழி மாற்றித்தான் எழுதுகிறேன். எல்லைப் பக்கம் யாராவது இதைவிடச் சுலபமாகச் செய்தால் சொல்லுங்கள், நானும் பழகிக்கொள்கிறேன்.