டிராக்கிங்கில் நகராமல் நிற்கும் பார்சல்

கேள்வி: ஆன்லைனில் துணி விற்கிறேன். சில ஆர்டர்களுக்கு டிராக்கிங்கில் நாள்கணக்கில் ஒரே வரிதான் நிற்கிறது. எதற்குக் கவலைப்பட வேண்டும்?

கடைசி ஸ்கேனுக்குப் பிறகு, அந்தத் தடத்துக்கு வழக்கமான நாள்களைத் தாண்டியும் புது ஸ்கேன் விழாத பார்சல்தான் தேங்கிய பார்சல். ஆர்டர் தேதியிலிருந்து எண்ணினால் கணக்கு தப்பும்.

பார்கோடைக் கருவியில் காட்டினால்தான் புது வரி வரும். லாரி ஓடும்போது யாரும் ஸ்கேன் செய்வதில்லை. ரயில் பயணி ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போன் செய்வதைப் போலத்தான், நடுவில் மௌனம்.

அதனால் தடத்துக்கு ஒரு கெடு வையுங்கள். கோயம்புத்தூர் ஹப்பில் செவ்வாய் இரவு ஸ்கேன் ஆன இரண்டு பார்சல்களில், தரைவழியாகக் கவுகாத்தி போவது சனிக்கிழமை வரை பேசாமல் இருந்தாலும் இயல்பே. மதுரைக்குப் போவது வெள்ளி காலையிலும் அதே வரியில் நின்றால் புகார் போடலாம். பெரும்பாலும் வேறு ஊர் மூட்டையில் கலந்திருக்கும், அல்லது லேபிள் கிழிந்திருக்கும்.

ஷீட்டில் B-யில் நிலை, C-யில் கடைசி ஸ்கேன் தேதி, D-யில் கெடு நாள்கள் (மதுரைக்கு 2, கவுகாத்திக்கு 6):

```
=IF(AND(B2<>"Delivered",TODAY()-C2>D2),"விசாரி","")
```

`Manifested` என்பதற்குக் கெடு 1 போதும். லேபிள் மட்டும்தான் தயார். பார்சல் உங்கள் மேசையிலேயே கிடக்கலாம்!

`In Transit` என்றால் வண்டி இப்போது ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது கடைசி ஸ்கேனில் பதிவான வரி மட்டுமே.