மீட்டிங்கிற்கு நீண்ட ரிப்போர்ட்டை அச்செடுப்பது: என் அனுபவம்

கேள்வி: எக்செல் ரிப்போர்ட் 200 வரிக்கு மேல் போகிறது. அச்செடுத்தால் தலைப்பு முதல் பக்கத்தில் மட்டும் வருகிறது, பக்கங்களும் கண்ட இடத்தில் உடைகின்றன. நாளை மறுநாள் மீட்டிங். என்ன செய்வது?

Freeze Panes போட்டிருப்பீர்கள், அது அச்சிலும் வரும் என்று நினைத்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அது திரைக்கு மட்டும்தான். அச்சுக்கு Page Layout-இல் Print Titles போய், Rows to repeat at top பெட்டியில் தலைப்பு வரியைக் கொடுக்க வேண்டும். பிரிண்ட் பிரிவியூவிலிருந்து Page Setup திறந்தால் அந்தப் பெட்டி மங்கிக் கிடக்கும், எதுவும் செய்ய முடியாது. ஷீட்டுக்குத் திரும்பி வந்து திறங்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது தலைப்புக்காக இல்லை, பிரிண்ட் ஏரியாவுக்காக. ஒரு மாதாந்திர ரிப்போர்ட், 11 பத்தி, 186 வரி. A1:K186 என்று பிரிண்ட் ஏரியா போட்டு வைத்திருந்தேன், மாதாமாதம் அழகாக வந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் புதுத் தரவை அதே இடத்தில் ஒட்டினேன். அது 198 வரி. பன்னிரண்டு பிரதி எடுத்து, பின் அடித்து, மேசையில் வைத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டிய மேலாளர் "மொத்தம் எங்கே?" என்று கேட்டார். மொத்தம் 198ஆம் வரியில் இருந்தது. அச்சு 186உடன் நின்றிருந்தது.

பிரிண்ட் ஏரியா என்பது Print_Area என்ற பெயரில் ஷீட்டில் பதிந்திருக்கும் நிலையான எல்லை. நடுவில் வரி செருகினால் அதுவும் கூடவே விரியும். அடியில் தொடர்ந்து ஒட்டினால் விரியாது, எச்சரிக்கையும் வராது. இப்போதெல்லாம் அச்செடுக்கும் முன் இடது மேல் மூலையில் இருக்கும் பெயர்ப் பெட்டியைத் திறந்து Print_Area-வைத் தேர்ந்தெடுக்கிறேன். எது அச்சாகுமோ அது அப்படியே தேர்வாகி நிற்கும். மொத்த வரி அதற்குள் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து விநாடி போதும்.

அடுத்தது பக்க உடைப்பு. என் ரிப்போர்ட்டில் ஐந்து பிரிவுகள். படுக்கைவாட்டு A4-இல் பக்கத்துக்குச் சுமார் 45 வரி பிடித்தது. இரண்டாம் பிரிவு 42ஆம் வரியில் தொடங்குவதால், அதன் முதல் நாலு வரி முதல் பக்கத்தின் அடியில் மாட்டிக்கொண்டது. A42-இல் நின்று Breaks, Insert Page Break கொடுத்தேன். எதுவும் நடக்கவில்லை. அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் காரணம் புரிந்தது. அகலம் ஒரு பக்கத்தில் அடங்கட்டும் என்று Fit to போட்டிருந்தேன். அது இருக்கும்வரை நாம் வைக்கும் உடைப்பை எக்செல் மதிக்காது. Adjust to-வுக்கு மாறி, Page Break Preview-இல் குறுக்கே நிற்கும் நெடுங்கோடு மறையும்வரை சதவீதத்தைக் குறைத்தேன். 72-இல் அடங்கியது. 11 புள்ளி எழுத்து 8 புள்ளி அளவில் வந்தது, படிக்க முடிந்தது. 60-க்குப் போக வேண்டியிருந்தால் 6.6தான் வரும். அப்படியானால் பத்தியைத்தான் குறைக்க வேண்டும்.

பிறகு 42, 81, 120, 159ஆம் வரிகளில் உடைப்பு வைத்தேன். தேர்ந்தெடுத்த வரிக்கு மேலேதான் உடையும். A பத்தியில் நின்றுதான் வையுங்கள். C42-இல் நின்று கொடுத்தால் குறுக்கிலும் நெடுக்கிலும் உடைந்து, பத்திகள் இரண்டு தாளுக்குப் பிரிந்துவிடும். மேலே நாலு வரி தலைப்பு இருந்தாலும் $4:$4 மட்டும் திரும்ப வரும்படி கொடுத்தேன். நிறுவனப் பெயரும் தேதியும் ஒவ்வொரு தாளிலும் இடத்தைத் தின்ன வேண்டியதில்லை.

"எல்லாவற்றையும் டேபிள் ஆக்கு, மேக்ரோ எழுது" என்று சிலர் வருவார்கள் என்று தெரியும். தவறில்லை. ஆனால் கேட்டவருக்கு நாளை மறுநாள் மீட்டிங்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: தரவைக் கடைசி நேரத்தில் மாற்றி அனுப்பியவரை அந்த மீட்டிங்கில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அச்செடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தாளைக் கையில் கொடுப்பவர் மேல்தான் எல்லாத் தவறும் விழுகிறது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

கடைசியாக, வேறு கணினியிலிருந்து அச்செடுப்பதாக இருந்தால் எக்செல் கோப்பை அனுப்பாதீர்கள். பிரிண்டர் மாறினால் தானாக விழும் உடைப்புகளும் இடம் மாறும். உங்கள் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி, கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.