லேப்டாப்பை வைத்து கோர், ஆக்சுவல், ஆக்மென்டட் புராடக்ட்

கேள்வி: பிபிஏ படிக்கிறேன். ஒரு பொருளுக்கு கோர், ஆக்சுவல், ஆக்மென்டட் என்று மூன்று அடுக்கு சொல்கிறார்கள். லேப்டாப் அல்லது மொபைலை வைத்து விளக்க முடியுமா? சார்ஜர், வாரன்டி, சாஃப்ட்வேர் எல்லாம் எதில் வரும் என்பதில்தான் குழப்பம்.

சார்ஜர் ஆக்சுவலில் வரும், வாரன்டி ஆக்மென்டடில் வரும், சாஃப்ட்வேர் இரண்டிலும் கால் வைத்திருக்கும். ஏன் என்று சொல்கிறேன். லேப்டாப் விற்பதுதான் என் தொழில் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் கோர். விடைத்தாளில் பலர் பிராசஸர், ரேம் என்று எழுதிவிடுவது இங்கேதான். பெட்டிக்கு உள்ளே இருப்பதால் அவை கோர் ஆகிவிடாது. மார்க்கெட்டிங் பாடநூல் எழுதிய பிலிப் கோட்லரின் பாடத்தில் கோர் என்பது பொருளின் பாகமே இல்லை. அந்தப் பொருளால் வாங்குகிறவருக்கு நடக்க வேண்டிய காரியம்தான் கோர். அதைக் கையால் தொட முடியாது, பில்லிலும் இருக்காது.

ஒரே மாடல் லேப்டாப்பை இரண்டு பேருக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 14 அங்குலத் திரை. ஒருவர் ஆடிட்டர். இன்னொருவர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போகும் மகளுக்கு வாங்கித் தரும் அப்பா. ஆடிட்டர் கேட்கும் முதல் கேள்வி, "மெஷின் படுத்துட்டா எத்தனை நாள்ல சரி பண்ணிக் குடுப்பீங்க?" அப்பா கேட்பது, "தூக்கிட்டு அலையுற பிள்ளை, கீழே போட்டுட்டா என்ன பண்றது?" ஆடிட்டருக்குக் கோர், கெடு தேதிக்குள் கட்சிக்காரர்களின் கணக்கு தாக்கலாகிவிடுவது. அப்பாவுக்குக் கோர், நாலு வருஷமும் மகளின் படிப்பு தடைபடாமல் போவது. இருவரும் எடுத்துப் போகும் பெட்டி ஒன்றுதான், கோர் வேறு வேறு. அதனால் தேர்வில் 'லேப்டாப்பின் கோர்' என்று பொதுவாக எழுதாமல், யாருக்கு என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

ஆக்சுவலை விளக்க அதிகம் தேவையில்லை. பிராசஸர், ரேம், திரை, எடை, கீபோர்டு, நிறம், தரம், வடிவமைப்பு, பிராண்ட் பெயர், பேக்கிங் எல்லாம் அதில்தான். ஆனால் இவை கோரிலிருந்து பிறக்க வேண்டும். இதற்கு நல்ல உதாரணம் 2003-இல் வந்த நோக்கியா 1100. டார்ச் லைட், தூசி புகாத கீபேட், கையில் வழுக்காத பக்கங்கள். கேமரா இல்லை, கலர் திரை இல்லை. கரன்ட் அடிக்கடி போகும், புழுதி பறக்கும் ஊர்களில் இருப்பவருக்கு ஒரு போனால் என்ன நடக்க வேண்டும் என்று யோசித்துச் செய்தார்கள். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது.

இனி ஆக்மென்டட். வாரன்டி, சர்வீஸ், டெலிவரி, தவணை வசதி, வாங்கிய பிறகு கிடைக்கும் உதவி எல்லாம் இங்கே. எது ஆக்சுவல், எது ஆக்மென்டட் என்று பிரிக்க நான் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பேன். விற்ற கடையும் தயாரித்த கம்பெனியும் நாளைக்கே மூடிவிட்டால் மேசைமேல் என்ன மிஞ்சும்? மிஞ்சுவது ஆக்சுவல், காணாமல் போவது ஆக்மென்டட். சார்ஜர் மிஞ்சும். வாரன்டி போய்விடும். ஏற்கெனவே ஏற்றித் தந்த விண்டோஸ் மிஞ்சும், லேப்டாப் கம்பெனி அனுப்ப வேண்டிய அப்டேட் நின்றுவிடும். சாஃப்ட்வேர் இரண்டிலும் கால் வைத்திருக்கிறது என்றது அதனால்தான். இந்தச் சோதனை சறுக்கும் இடம் பிராண்ட். கம்பெனி மூடினால் பெயருக்கு மதிப்பு குறையும், ஆனாலும் பாடத்தில் அது ஆக்சுவல்தான். வாங்குகிறவர் பொருளை அடையாளம் காண்பதே அந்தப் பெயரால் என்பதால் அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

மறுபடி அந்த இருவரிடம் வருவோம். ஆன்லைனில் அந்த மாடல் 58,000 ரூபாய், கடையில் 60,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சுவலில் கடுகளவும் வித்தியாசம் இல்லை. அப்படியானால் அந்த 2,500 ரூபாய்க்குக் கடைக்காரர் என்ன தருகிறார்? பழைய மெஷினில் இருக்கும் ஃபைல்களை மாற்றித் தருவது, பிரின்டரை இணைத்துத் தருவது, பழுதானால் சர்வீஸ் சென்டரோடு பேசுவது. ஆடிட்டருக்கு இதில் பாதி உபயோகம். ஆனால் அவருக்கு உண்மையில் வேண்டியது ஆன்சைட் வாரன்டி. அதாவது என்ஜினியரே ஆபீசுக்கு வந்து பார்ப்பது. கேரி-இன் வாரன்டி என்றால் மெஷினை நாமே சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போய், பார்ட்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஜூலை கடைசி வாரத்தில் அந்தக் காத்திருப்பை ஆடிட்டரால் தாங்க முடியாது. அவருக்கு ஆன்சைட் வாரன்டிதான் கோரைக் காப்பாற்றுகிறது.

அப்பாவுக்கு ஆன்சைட் வாரன்டியால் பெரிய பயன் இல்லை. கீழே விழுந்து திரை உடைந்தாலும், கீபோர்டில் டீ கொட்டினாலும் சாதாரண வாரன்டி செல்லாது. அது தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். அவருக்கு வேண்டியது ஆக்சிடென்டல் டேமேஜ் கவர் என்று தனியாக விற்கும் திட்டம். இதைச் சொல்லாமல் 'மூணு வருஷ வாரன்டி இருக்கு சார்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், முதல் முறை திரை உடையும்போது சண்டைதான். வாங்குகிறவர்கள் ஆக்சுவலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு புகாரோடு வருவது பெரும்பாலும் ஆக்மென்டடுக்காகத்தான். பேட்டரியும் அப்படித்தான். மெஷினுக்கு மூன்று வருஷம் என்றாலும் பல மாடல்களில் பேட்டரிக்கு ஒரு வருஷம்தான். வாரன்டி அட்டையில் அது தனி வரியாக இருக்கும், படித்துக் காட்டிவிட வேண்டும்.

அடுக்குகளுக்கு நடுவே உள்ள கோடு நிலையானது இல்லை என்பதற்கு மொபைலில் இரண்டு உதாரணங்கள் உண்டு. 2020 அக்டோபரில் ஐபோன் 12 வந்தபோது ஆப்பிள் பெட்டியிலிருந்து சார்ஜர் அடாப்டரை எடுத்துவிட்டது. அடுத்த ஜனவரியில் கேலக்ஸி எஸ்21-இல் சாம்சங்கும் அதையே செய்தது. அதுவரை ஆக்சுவலில் இருந்த ஒன்று தனியாகக் காசு கொடுத்து வாங்கும் வேறு பொருளாகிவிட்டது. இன்னொன்று நேர் எதிர்த்திசையில் நடந்தது. 2023-இல் பிக்சல் 8-க்கு கூகுள் 7 வருஷ அப்டேட் தருவதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதே 7 வருஷத்தைச் சொன்னது. ஆக்மென்டட் அடுக்கு மட்டும் பல வருஷம் நீண்டது. இப்போது விலை உயர்ந்த போன் வாங்க வருபவர்கள் எத்தனை வருஷ அப்டேட் என்று தாங்களாகவே கேட்கிறார்கள். போட்டியாளர் எல்லோரும் தரத் தொடங்கிவிட்டால் கூடுதல் என்று நினைத்தது சாதாரண எதிர்பார்ப்பாகிவிடும். பிறகு அதைத் தராதவர்தான் தனியாகத் தெரிவார்.

ஆக்மென்டடைப் பற்றி எழுதும்போது செலவையும் ஒரு வரி எழுதுங்கள், பலரும் விட்டுவிடுவது அது. ஆக்சுவல் ஒருமுறை தயாரித்தால் முடிந்தது. ஆக்மென்டட் வாக்குக் கொடுத்த வருஷம் முழுக்க ஆளும் பார்ட்ஸும் கேட்கும். ஆன்சைட் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் அந்த ஊரில் கம்பெனிக்கு என்ஜினியர் இல்லையென்றால் அடுத்த நாள் யாரும் வர முடியாது. அதனால் பில் போடும் முன்பே வாடிக்கையாளரின் பின்கோடுக்கு ஆன்சைட் சேவை உண்டா என்று கம்பெனியிடம் கேட்டுக்கொள்வேன். இல்லையென்றால் அவருக்கு அந்தத் திட்டத்தை விற்பதில்லை.